நீங்கள் கொடுத்த பாஸ்புக் ஒன்று, பணம் ஏறிய கணக்கு வேறொன்று: ஆதார் வழிப் பணம் எப்படிப் போகிறது?

பி.எம். கிசான் தவணை, கேஸ் மானியம், நூறு நாள் வேலைக் கூலி, ஏதாவது ஓர் உதவித்தொகை. அலுவலகத்தில் கேட்டால் "பணம் போட்டாச்சு, எங்க பக்கம் வெற்றின்னு காட்டுது" என்கிறார்கள். வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டால் ஒன்றும் இல்லை, மேனேஜரும் "எங்களுக்கு எதுவும் வரலை" என்கிறார். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். பெரும்பாலான நேரம் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பணம் வந்திருக்கிறது, உங்கள் பெயரிலேயே, நீங்கள் மறந்துபோன இன்னொரு வங்கிக் கணக்கில்.

இது எப்படி நடக்கிறது என்று புரிய, அரசு உங்களுக்குப் பணம் அனுப்பும்போது அந்தக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அரசுப் பணம் வருவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று நமக்கெல்லாம் பழக்கமானது: கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, தொகை. எந்தக் கணக்கு எண் எழுதியிருக்கிறதோ அதில் போய் விழும். இன்னொன்று ஆதார் பாதை. இதில் அனுப்பும் துறை உங்கள் கணக்கு எண்ணை எழுதுவதே இல்லை. ஆதார் எண், தொகை, எந்தத் திட்டம் என்ற விவரம், அவ்வளவுதான். விண்ணப்பத்தோடு நீங்கள் இணைத்த பாஸ்புக் முதல் பக்க நகல் அந்த அலுவலகத்துக் கோப்பில் பத்திரமாக இருக்கலாம், ஆனால் ஆதார் பாதையில் பணம் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வதில் அந்த நகலுக்கு எந்த வேலையும் இல்லை.

அப்படியானால் யார் முடிவு செய்வது? அனுப்பும் துறையின் வங்கி அந்தக் கோப்பை என்பிசிஐ என்று எல்லோரும் சொல்கிற தேசியக் கொடுப்பனவுக் கழகத்துக்கு அனுப்புகிறது. அங்கே மேப்பர் என்று ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் ஆதார் எண், எதிரே ஒரு வங்கியின் அடையாள எண். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: அந்த அட்டவணையில் இருப்பது வங்கி மட்டுமே, கணக்கு எண் அங்கே கிடையாது. அதுவும் ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரே ஒரு வங்கிதான். உங்களுக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருந்து, நான்கிலும் ஆதார் கொடுத்திருந்தாலும், மேப்பரில் நிற்பது ஒன்றுதான், கடைசியாக யார் உங்கள் ஒப்புதலைக் காட்டிப் பதிவேற்றினார்களோ அந்த வங்கி. புதிது ஏறியதும் பழையது தானாக விலகிவிடும்.

மேப்பர் "இந்த ஆதார் இந்த வங்கியுடையது" என்று சொன்னதும், பணம் அந்த வங்கிக்குப் போகிறது. அங்கே இரண்டாவது தேடல் நடக்கிறது. வங்கியின் சொந்தக் கணினியில் "இந்த ஆதாருக்கு மானியம் பெறும் கணக்கு எது" என்று ஒரு குறிப்பு இருக்கும், அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆக வழி பிசகக்கூடிய இடங்கள் இரண்டு. முதல் இடத்தில் பிசகினால் வேறு வங்கிக்கே போய்விடும். இரண்டாவது இடத்தில் பிசகினால் அதே வங்கியில் உங்களுடைய இன்னொரு கணக்குக்குப் போகும், உதாரணமாக நீங்கள் தினமும் பார்க்கும் கணக்கு ஒரு கிளையிலும், எப்போதோ வேலை பார்த்த ஊரில் திறந்த கணக்கு இன்னொரு கிளையிலும் இருக்கும்போது. பிந்தையதை ஒரே வங்கிக்குள் சரிசெய்துவிடலாம், முந்தையதுதான் ஆட்களை மாதக்கணக்கில் அலைய விடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் கவுண்டரில் நடக்கும் பாதிச் சண்டைகள் இதனால்தான். "என் அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் ஆகியிருக்கு சார், ஆன பிறகும் ஏன் பணம் வரலை?" என்று கேட்கிறோம். கணக்கில் ஆதார் இணைந்திருப்பது ஒரு விஷயம், மானியம் பெறுவதற்காக அந்தக் கணக்கை மேப்பரில் ஏற்றியிருப்பது வேறு விஷயம். முதலாவது கேஒய்சி, அதாவது நீங்கள் யார் என்பதற்கான சான்று, அதோடு ஆதாரும் கைரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் வசதி. இரண்டாவதற்குத்தான் சீடிங் என்று பெயர், அதற்கு "அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெற விரும்புகிறேன்" என்ற தனி ஒப்புதல் வேண்டும். நான்கு கணக்குகளிலும் முதலாவது இருக்கலாம், இரண்டாவது ஒன்றில்தான் இருக்க முடியும். கிளையில் சில நேரம் திரையில் ஆதார் எண் தெரிவதைப் பார்த்துவிட்டு "லிங்க் ஆகியிருக்கும்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அவர் சொன்னது தப்பில்லை, நீங்கள் கேட்க வந்த கேள்விக்கு அது பதிலும் இல்லை.

இன்னொரு விஷயம்: வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பில் நீக்கிவிட்டது. அரசு மானியங்களுக்கு ஆதார் கேட்பது நிலைத்தது. ஆகவே சேமிப்புக் கணக்கு வைத்திருக்க இணைப்பு தேவையில்லை, ஆனால் ஆதார் பாதையில் பணம் வர வேண்டும் என்றால் ஏதாவது ஒரு கணக்கு மேப்பரில் இருந்தே ஆக வேண்டும்.

சரி, இப்போது ஒரு கற்பனை உதாரணத்தை அங்குலம் அங்குலமாகப் பார்ப்போம். கள்ளக்குறிச்சிப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015 வாக்கில் ஊரில் ஜன்தன் முகாம் நடந்தபோது, அந்தத் திட்டம் 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கியது, எல்லோரோடும் சேர்ந்து ஒரு வங்கியில் கணக்குத் திறந்தார். ஆதார் நகல் வாங்கிக்கொண்டார்கள், சில படிவங்களில் கையெழுத்து. கேஸ் மானியத்துக்கு உதவும் என்று அந்தக் கணக்கை மேப்பரிலும் ஏற்றிவிட்டார்கள். பாஸ்புக் பீரோவுக்குள் போனது. அவருக்கு நிஜமாகப் புழங்கும் கணக்கு கடைத்தெருவில் உள்ள வேறொரு வங்கியில், உரக்கடைக்காரருக்குக் கொடுப்பது, நெல் விற்ற பணம் வருவது எல்லாம் அதில்தான்.

2019-இல் பி.எம். கிசான் வந்தது. வருடத்துக்கு 6000 ரூபாய், 2000 வீதம் மூன்று தவணை. அவர் கடைத்தெரு வங்கியின் பாஸ்புக்கைக் கொடுத்துப் பதிந்தார். தொடக்கத் தவணைகள் கணக்கு எண் பாதையிலும் அனுப்பப்பட்டதால் பணம் ஒழுங்காகக் கடைத்தெரு வங்கியில் ஏறியது. பிறகு அந்தத் திட்டம் ஆதார் பாதைக்கு மாறியது. விவசாயி எதையும் மாற்றவில்லை, எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் அடுத்த 2000 ரூபாய் மேப்பரைப் பார்த்தது, மேப்பரில் இன்னும் அந்த ஜன்தன் வங்கிதான் நின்றுகொண்டிருந்தது, பணம் அங்கே போய்விட்டது.

இந்த இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. "நான் ஒன்றுமே செய்யலையே, எப்படி மாறும்?" என்று கேட்கிறவர்கள் நிறைய. இணைப்பு மாறவில்லை. அனுப்பும் பாதை மாறியது, அதனால் வருடக்கணக்காகத் தூங்கிய ஒரு பழைய இணைப்பு விழித்துக்கொண்டது. நூறு நாள் வேலையிலும் இதே கதை நடக்க இடமிருந்தது, ஏனென்றால் 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கூலி ஆதார் பாதையில்தான் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு கணக்கு எண்ணை வைத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவருக்கு மேப்பர் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதில் பெயர் இல்லாதவர்களுக்குப் பணம் திரும்பிப் போகும், பழைய பெயர் இருப்பவர்களுக்குப் பழைய இடத்துக்குப் போகும்.

விவசாயியின் கதைக்குத் திரும்புவோம். அவர் கடைத்தெரு வங்கியில் என்ட்ரி போட்டார், இல்லை. ஊரில் கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் கடைக்குப் போனார். அந்தக் கருவியில் ஆதார் எண்ணோடு வங்கியின் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் வழக்கம்போல் கடைத்தெரு வங்கியைத் தேர்ந்தெடுத்தார், இருப்பு 340 ரூபாய் என்று காட்டியது. "ஆதார்லயே பார்த்துட்டேன்பா, பணம் வரலை" என்று ஊர் முழுக்கச் சொன்னார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கைரேகைக் கருவி மேப்பரைப் பார்த்து உங்கள் மானிய வங்கியைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, நீங்கள் சொன்ன வங்கியிடம் போய் அந்த வங்கியின் இருப்பைக் கேட்கிறது. அந்த ஜன்தன் வங்கியைத் தேர்ந்தெடுத்துக் கை வைத்திருந்தால் 2000 தெரிந்திருக்கும்.

எஸ்.எம்.எஸ். வந்திருக்க வேண்டுமே என்றால், வந்தது. 2015-இல் கொடுத்த செல் எண்ணுக்கு. அந்த சிம் எப்போதோ செயலிழந்து இப்போது யாரிடம் இருக்கிறதோ. பணம் வழிமாறுவதும், வழிமாறியது தெரியாமல் போவதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கைவிட்ட கணக்கில் கைவிட்ட செல் எண்தான் இருக்கும்.

கடைசியில் அவர் மகள் ஆதார் ஆணையத்தின் தளத்தில் பார்த்தாள், வங்கியின் பெயர் தெரிந்தது, "அட, அந்த முகாம்ல ஆரம்பிச்சதா" என்று பீரோவைத் துழாவினார்கள். கணக்கில் பணம் இருந்தது. ஆனால் பல வருடம் புழங்காத கணக்கு என்பதால் எடுப்பதற்கு முன்பு மறுபடியும் கேஒய்சி கொடுக்கச் சொன்னார்கள். புழங்காத கணக்கிலும் மானியம் ஏறும், எடுப்பதற்குத்தான் தடை, இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அடையாளச் சான்றோடு போகலாம், ஓர் அலைச்சல் மிச்சம்.

இந்த உதாரணத்தில் பழைய இணைப்பு விழித்துக்கொண்டது. எதிர்த்திசையிலும் நடக்கும்: புதிதாகத் திறந்த கணக்கு பழையதைத் தள்ளிவிட்டு மேப்பரில் உட்கார்ந்துகொள்வது. நகைக்கடனுக்காக ஒரு வங்கியில் கணக்கு, வேலை செய்யும் கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு, சிம் வாங்கப் போன இடத்தில் "ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் ஒண்ணு ஓப்பன் பண்ணிக்கோங்க". விண்ணப்பத்தில் வரிசையாக இருக்கும் கட்டங்களில் ஒன்று அரசு மானியத்தை இங்கே பெறும் ஒப்புதல். டேப்லட்டில் திறந்தால் ஊழியரே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுக் கட்டைவிரலை வைக்கச் சொல்வார், நாம் வைப்போம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017-இல் நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. சிம்முக்கு ஆதார் சரிபார்க்க வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஏர்டெல் வாடிக்கையாளர்கள் சிம் சரிபார்ப்புக்காகக் கைரேகை வைத்தபோது, அவர்களுக்குத் தெளிவாகத் தெரியாமலேயே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு திறக்கப்பட்டது என்றும், அந்தக் கணக்கு மேப்பரில் ஏறி கேஸ் மானியம் அங்கே போகத் தொடங்கியது என்றும் புகார்கள் குவிந்தன. சிலிண்டர் வாங்கியவர்கள் தங்கள் வழக்கமான வங்கியில் மானியத்தைக் காணாமல் கேஸ் ஏஜென்சியோடு சண்டை போட்டார்கள், ஏஜென்சிக்கும் எதுவும் புரியவில்லை. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் மின்னணு கேஒய்சி உரிமத்தை நிறுத்திவைத்தது. சுமார் 190 கோடி ரூபாயை நிறுவனம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த பேமென்ட்ஸ் வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

தொழில்நுட்பக் கோணத்தில் பார்த்தால் அதில் எந்த ஓட்டையும் உடைக்கப்படவில்லை, யாருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. "கடைசியாக ஏற்றியவருக்கே இடம்" என்ற மேப்பரின் விதி அதன் போக்கில் வேலை செய்தது, அவ்வளவுதான். ஒப்புதல் உண்மையானதா என்று மேப்பருக்குத் தெரியாது, வங்கி சொன்னால் நம்பும். அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின: ஒரு வங்கி இன்னொரு வங்கியின் இடத்தைப் பிடிக்க வேண்டுமானால் வாடிக்கையாளரின் தெளிவான ஒப்புதல் இருக்க வேண்டும், இப்போது எந்த வங்கியில் இருக்கிறது என்ற பெயரையும் வாடிக்கையாளர் ஒப்புதல் படிவத்தில் குறிப்பிட வேண்டும். பழைய வங்கியின் பெயர் தெரிந்தவர்தான் மாற்றச் சொல்ல முடியும் என்பதால், தெரியாமல் மாற்றுவது கடினமாகிறது. கடினம் என்றுதான் சொல்கிறேன், முடியாது என்று சொல்லவில்லை, கட்டத்தில் டிக் போடுகிறவர் பழைய வங்கியையும் கேட்டு எழுதிக்கொள்ளலாமே.

ஏன் இப்படி ஒரு சுற்றுவழியை வைத்தார்கள் என்று கோபம் வரலாம். கணக்கு எண் பாதைக்கும் அதன் தொல்லைகள் உண்டு. எழுத்தர் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் பணம் திரும்பும், அல்லது வேறொருவருக்குப் போகும். வங்கிகள் இணைந்தால் ஐ.எஃப்.எஸ்.சி. மாறும், 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் பல இணைந்தபோது எத்தனை பேர் புதுக் குறியீட்டைத் தேடி அலைந்தார்கள் என்பது நினைவிருக்கலாம். நீங்கள் வங்கியை மாற்றினால் ஒவ்வொரு துறைக்கும் போய்ப் புதுக் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும். ஆதார் பாதையில் ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாத் திட்டத்துக்கும் மாறிவிடும். நல்ல வசதிதான். அதே வசதியின் மறுபக்கம், ஓர் இடத்தில் பிசகினால் எல்லாத் திட்டமும் சேர்ந்து பிசகும். கேஸ் மானியம் ஒரு வங்கிக்கு, கிசான் பணம் இன்னொரு வங்கிக்கு என்று ஆதார் பாதையில் பிரித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே ஒரே ஆளுக்கு ஒரு திட்டத்தின் பணம் ஓர் இடத்திலும் இன்னொரு திட்டத்தின் பணம் வேறிடத்திலும் வந்துகொண்டிருந்தால், அவற்றில் ஒன்று கணக்கு எண் பாதையில் வருகிறது என்று ஊகிக்கலாம், அல்லது இரண்டுக்கும் நடுவில் மேப்பர் மாறியிருக்கிறது.

எங்கே இணைந்திருக்கிறது என்று பார்ப்பது இப்போது சுலபம். ஆதார் ஆணையத்தின் myaadhaar.uidai.gov.in தளத்தில் ஆதார் எண்ணையும் செல்லுக்கு வரும் ஓடிபியையும் கொடுத்து நுழைந்து, "Bank Seeding Status" என்பதைத் தட்டினால் வங்கியின் பெயரும், இணைப்பு செயலில் இருக்கிறதா என்பதும், கடைசியாக எப்போது மாறியது என்ற தேதியும் தெரியும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் சாதா போனில் *99*99*1# என்று அழைத்து ஆதார் எண்ணைக் கொடுத்தும் பார்க்கலாம். முதல் வழிக்கு ஆதாரில் பதிந்த செல் எண் உயிரோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடிபி வராது, வங்கிக் கிளைக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

அந்தத் திரையில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். வங்கியின் பெயரை எல்லோரும் பார்ப்பார்கள். நிலையையும் பாருங்கள், "Inactive" என்று இருந்தால் மேப்பரில் ஒரு வங்கி இருந்தும் அங்கே பணம் போகாது, திரும்பிவிடும். தேதி பலர் கண்ணில் படுவதே இல்லை, ஆனால் எனக்கு அதுதான் மிகப் பயனுள்ள தகவல். கடைசி மாற்றத் தேதி பணம் காணாமல் போன மாதத்துக்குச் சற்று முன்பாக இருந்தால், அந்த நாட்களில் எங்கே கைரேகை வைத்தீர்கள் என்று யோசியுங்கள், விடை அங்கே இருக்கும். தேதி பல வருடம் பழையதாக இருந்தால் இணைப்பு மாறவில்லை, திட்டத்தின் பாதை மாறியிருக்கிறது, நம் விவசாயிக்கு நடந்ததுபோல். இந்த ஒரு தேதி இரண்டு கதைகளையும் பிரித்துக் காட்டிவிடும்.

அந்தத் திரை சொல்லாதது கணக்கு எண். மேப்பருக்கே அது தெரியாது என்று முன்பே பார்த்தோம். வங்கியின் பெயர் சரியாக இருந்தும் உங்கள் பாஸ்புக்கில் பணம் இல்லை என்றால் அந்த வங்கிக் கிளைக்குப் போய், "என் ஆதாருக்கு மானியக் கணக்காக உங்கள் கணினியில் எந்தக் கணக்கு எண் இருக்கிறது?" என்று அப்படியே கேளுங்கள். "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்ற பதிலோடு வெளியே வருவீர்கள்.

இப்போது மாற்றுவது. நீங்கள் விரும்பும் வங்கியின் கிளையில் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள். கணக்கு எண், ஆதார் எண், இப்போதைய வங்கியின் பெயர், கையெழுத்து. ஒப்புதல் சீட்டு வாங்காமல் வராதீர்கள். வீட்டிலிருந்தே செய்ய என்பிசிஐயின் npci.org.in தளத்தில் "Bharat Aadhaar Seeding Enabler" என்ற பக்கம் இருக்கிறது, புதிதாக இணைக்க, ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, அதே வங்கிக்குள் வேறு கணக்குக்கு மாற்ற என்று தனித்தனித் தேர்வுகள் அதில் உண்டு, எல்லா வங்கியும் அதில் கிடைப்பதில்லை. எந்த வழியில் போனாலும் சில வேலை நாட்கள் கழித்து மேலே சொன்ன திரையில் மறுபடி பாருங்கள். வங்கியின் பெயர் அங்கே மாறும் வரைக்கும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், கிளையில் யார் என்ன சொன்னாலும்.

பலரும் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்கிறார்கள்: பணம் தவறிப்போய் விழுந்த அந்தக் கணக்கை உடனே மூடிவிடுவது. மேப்பர் மாறுவதற்கு முன்பு மூடினால், அடுத்த தவணை அதே வங்கியைத்தான் போய்த் தட்டும், அங்கே கணக்கு இருக்காது, பணம் துறைக்கே திரும்பிப் போகும். தவறான கணக்கில் இருக்கும் பணத்தை நீங்கள் போய் எடுத்துக்கொள்ளலாம், திரும்பிப்போன பணத்தைத் துறை மறுபடி அனுப்பும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே முதலில் மாற்றுங்கள், திரையில் உறுதி செய்யுங்கள், ஒரு தவணை புதுக் கணக்கில் ஏறியதைப் பாருங்கள், அப்புறம் மூடுங்கள்.

அதேபோல் பணம் உங்கள் பெயரிலுள்ள கணக்கில்தான் விழுந்தது என்றால் யாரிடமும் திருப்பிக் கேட்கவோ, துறையிடம் மறுபடி அனுப்பச் சொல்லவோ தேவையில்லை. துறையின் பார்வையில் அது முடிந்துபோன பட்டுவாடா. போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே எரிச்சல், அந்தக் கணக்கு குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய வகையாக இருந்தால் வங்கி அபராதம் என்று கொஞ்சம் பிடித்திருக்கலாம். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1000 ரூபாய் கணக்குகளில் ஏறியபோது இந்தப் புகார்தான் கிளம்பியது, உரிமைத் தொகையில் எதையும் பிடிக்கக் கூடாது என்று மாநில அரசு வங்கிகளைக் கண்டிக்க வேண்டியிருந்தது. பழைய கணக்கு ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் குறைந்தபட்ச இருப்புத் தொல்லை கிடையாது.

இவ்வளவு நேரம் பேசியது உங்கள் பணம் உங்கள் இன்னொரு கணக்குக்குப் போவதைப் பற்றி. இன்னொரு வகை இருக்கிறது, எண்ணிக்கையில் குறைவு, தலைவலியில் அதிகம்: உங்கள் ஆதார் வேறொருவர் கணக்கில் ஏறியிருப்பது. ஓர் இலக்கம் தவறாக அடித்ததால் இப்படி ஆகியிருக்கும் என்று நினைப்போம், அது கொஞ்சம் கடினம், ஏனென்றால் ஆதாரின் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வைக்கப்படும் சோதனை இலக்கம், ஓர் இலக்கம் மாறினாலோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ கணினி கண்டுபிடித்துவிடும். நடப்பது பெரும்பாலும் முழு எண்ணே மாறிப்போவது. கணவன் மனைவி இருவர் விண்ணப்பமும் ஒன்றாக வந்திருக்கும், ஒருவர் நகல் இன்னொருவர் படிவத்தோடு சேர்ந்துவிடும். முகாமில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். இரண்டும் உண்மையான ஆதார் எண்கள்தான், ஆகவே சோதனை இலக்கத்துக்கு இதில் பிடிக்க ஒன்றுமே இல்லை.

இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. திரையில் ஒரு வங்கியின் பெயர் வருகிறது, ஆனால் அந்த வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருந்ததே இல்லை என்று உறுதியாகத் தெரிகிறது, அந்த வங்கிக் கிளையில் உங்கள் பெயரைத் தேடினாலும் எதுவும் இல்லை. முதலில் வீட்டில் இருப்பவர்களின் பாஸ்புக்குகளைப் பாருங்கள், பாதி நேரம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் உங்கள் வங்கியில் ஒப்புதல் படிவம் கொடுத்து மேப்பரை மாற்றுங்கள், அதனால் இனி வரும் பணமாவது உங்கள் கணக்குக்கு வரும். கூடவே தவறாக இணைத்த அந்த வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்: என் ஆதாரை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள், இதுவரை வந்த வரவுகளின் பட்டியலைக் கொடுத்துப் பணத்தைத் திருப்புங்கள் என்று. அடுத்தவர் பெயர், கணக்கு எண் எல்லாம் அவர்கள் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது, ஆனால் எந்த ஒப்புதலை வைத்து இணைத்தார்கள் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. துறையிடமிருந்து ஒவ்வொரு தவணையின் தேதியையும் பரிவர்த்தனை எண்ணையும் வாங்கிப் புகாரோடு இணைத்தால், "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்று அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. எப்படிப் பதிவது என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.